அதே வேகம், அதே நேரம், நான்கு லிட்டர் அதிகம்: ஒரு பைபர் படகின் பெட்ரோல் கணக்கு

மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை. காசிமேடு துறைமுக வாயிலுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அந்தப் பைபர் படகின் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டேங்க்கைத் தூக்கிப் பார்த்தார்கள். காற்றைப் போல இலேசாக இருந்தது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம் அன்று பலமாக இருந்ததால், நின்ற படகு எண்ணூர்ப் பக்கம் இழுபடத் தொடங்கியது. நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு படகு கயிறு கொடுத்து இழுத்து வந்தது. கரை சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. கவளை மீன் பாதி விலைக்குத்தான் போனது.

அன்று மதியமே படகுக்காரர் என் பட்டறைக்கு வந்துவிட்டார். அவருக்கு 28 அடிப் படகு, அதில் 9.9 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு. வாங்கி மூன்று வருடம் ஆகிறது, பராமரிப்பெல்லாம் என்னிடம்தான்.

"தம்பி, என்ஜின் பெட்ரோல் குடிக்கிறது. அதே இடத்துக்குத்தான் போகிறோம், அதே நேரத்துக்குத்தான் திரும்புகிறோம். முன்பு 12 லிட்டர் டேங்க்கில் நாலு லிட்டர் மிஞ்சும். இப்போது சொட்டு மிஞ்சவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துப் பார்" என்றார்.

"பிரிக்கலாம் அண்ணே, ஆனால் முதலில் அளந்துவிடுவோம்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அளப்பதற்காக ஒரு பாட்டை, அதாவது கடலுக்குப் போய்வரும் ஒரு பயணத்தை, விட வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அளக்காமல் கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட், மிதவை, ஊசி வால்வு எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் செலவு குறையாமல் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பங்கு நோட்டு சொன்னது

எங்கள் பக்கத்தில் பாடு முடிந்ததும் மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்க்காசைக் கழிப்பார்கள். மீதியைத்தான் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். அதனால் பெட்ரோல் கூடினால் படகுக்காரருக்கு மட்டுமல்ல, வலை இழுப்பவருக்கும் பங்கு குறைகிறது. இந்த வழக்கத்தால் ஒரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதியிருப்பார்கள், அதில் ஆட்களின் கண் இருப்பதால் பொய் எழுத முடியாது.

அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். நவம்பரில் பெரும்பாலும் 8 லிட்டர், சில நாள் எட்டரை. பொங்கலுக்கு முன் 9. ஜனவரி கடைசியில் 10. பிப்ரவரியில் 11. மார்ச்சில் 12. யாரும் கவனிக்காத அளவுக்கு மெதுவாக ஏறியிருந்தது.

இந்த ஏற்றத்தின் வடிவம்தான் எனக்கு முதல் துப்பு. கார்புரேட்டரின் ஊசி வால்வில் குப்பை சிக்கினாலோ, மிதவை ஓட்டையானாலோ, குழாய் வெடித்தாலோ செலவு ஒரே வாரத்தில் எகிறும். மாதம் ஒரு லிட்டர் என்று படிப்படியாக ஏறினால், என்ஜினுக்கு வெளியே ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

"நவம்பரில் என்ன மாறியது அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். அதுவரை படகைத் திருவொற்றியூர்க் குப்பத்து மணலில்தான் ஏற்றி வைப்பார்கள். வடகிழக்குப் பருவமழையின்போது கடல் மணலை அரித்துக்கொண்டு போய்விட்டது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரத்தில் கொட்டியிருக்கும் பாறைகளுக்கு இடையே அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரு துண்டு மணலும் அப்படிப் போனது. அன்றிலிருந்து படகு இரவும் பகலும் காசிமேட்டுத் துறைமுகத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறது. மீன் பிடிக்கும் இடத்துக்கான தூரம் கூடவில்லையா என்று கேட்டேன். அவர் மகன் கைப்பேசியில் வைத்திருந்த பழைய ஜிபிஎஸ் தடத்தைக் காட்டினான். அப்போதும் இப்போதும் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. போக 16 கிலோமீட்டர், வர 16 கிலோமீட்டர்.

பிரிப்பதற்கு முன் மூன்று பார்வை

சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்ஜின் பெட்ரோலை வீணாக்குகிறதா என்பதை ஸ்பேனர் எடுக்காமலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

டேங்க்கிலிருந்து வரும் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பைக் கெட்டியாகும்வரை அழுத்தி, என்ஜினை இயக்காமல் அப்படியே விட்டேன். ஊசி வால்வு சரியாக மூடவில்லை என்றாலோ, இணைப்பில் கசிவு இருந்தாலோ சற்று நேரத்தில் பம்பு தொளதொளவென்று ஆகிவிடும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், கெட்டியாகவே இருந்தது.

அடுத்து என்ஜின் ஆயில். நான்கு ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் வழிந்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். இங்கே மட்டம் ஏறவில்லை, வாடையும் இல்லை.

கடைசியாகப் பிளக்குகள். பெட்ரோல் அதிகமாகப் போனால் முனை கரிபிடித்துக் கறுப்பாக இருக்கும். இவை காய்ந்த பழுப்பு நிறத்தில் இருந்தன. நல்ல நிறம்.

ஆக, உள்ளே போகும் பெட்ரோலை என்ஜின் ஒழுங்காகத்தான் எரிக்கிறது. அப்படியானால் மணிக்கு எவ்வளவு எரிக்கிறது?

கேனை எடைபோட்டு அளந்தது

எல்லோரும் சொல்லும் ஒரு கைக்கணக்கு உண்டு. பெட்ரோல் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு முழு வேகத்தில் ஓடும்போது, குதிரைத்திறனை 0.4 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 9.9 என்றால் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய கார்புரேட்டர் வகை இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 0.4 என்பதை ஏறக்குறைய 0.5 ஆக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு தவறல்ல. ஆனால் அது கைப்பிடியை முழுதாகத் திருகிய நிலைக்கு மட்டுமே பொருந்தும். அரை வேகத்தில் ஓடும் என்ஜினைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. பாட்டுச் செலவை இதை வைத்துப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஆடும் படகில் பாட்டிலில் கோடு பார்த்து அளந்தால் நூறு மில்லி சாதாரணமாகத் தவறும். நான் எடைபோடும் முறையைத்தான் நம்புகிறேன். இரண்டு லிட்டர் பிடிக்கும் பெட்ரோல் கேன்கள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் ஊற்றி, மூடியோடு சேர்த்துச் சமையலறை மின்தராசில் நிறுத்து, கேன் மேல் எடையை எழுதிக்கொண்டேன். பெட்ரோல் பங்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள், அதையும் குறித்துக்கொண்டேன். அன்று கன மீட்டருக்கு 745 கிலோ, அதாவது ஒரு லிட்டர் 745 கிராம்.

கடலில் செய்தது இதுதான். துறைமுக வாயிலைத் தாண்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, டேங்க் குழாயை எடுத்து முதல் கேனில் விட்டோம். ரப்பர் பம்பைக் கெட்டியாக்கினோம். பிளக் ஒயரில் மாட்டும் சுற்றுமானியைப் பார்த்துக் கைப்பிடியை ஒரே இடத்தில் நிறுத்திச் சரியாகப் பத்து நிமிடம் ஓட்டினோம். ஐந்து நிமிடம் வடக்கே, ஐந்து நிமிடம் தெற்கே. திரும்பும் நேரத்திலும் கைப்பிடியைத் தொடக் கூடாது. முடிந்ததும் பம்பு முதலில் இருந்த அதே கெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக் குழாயை அடுத்த கேனுக்கு மாற்றினோம். கரைக்கு வந்து மூன்று கேன்களையும் மறுபடி நிறுத்தோம். மூடியிருக்கும் கேனாக இருந்தாலும் பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதை ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

முழு வேகத்துக்கான கேன் போகும்போது 1486 கிராம், வந்தபோது 1026. எரிந்தது 460 கிராம். 745 ஆல் வகுத்தால் 617 மில்லி லிட்டர். பத்து நிமிடத்துக்கு அவ்வளவு என்றால் மணிக்கு ஆறு மடங்கு, 3.7 லிட்டர்.

படகுக்காரர் அதைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். வாங்கிய புதிதில் இதே என்ஜினை இதே படகில் ஓட்டிப் பார்த்தபோது மணிக்கு 3.9 என்று நானே அவருடைய நோட்டின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். பெட்ரோல் குடிப்பதாகப் புகார் செய்யப்பட்ட என்ஜின், முன்பைவிடக் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தது.

விடை மற்ற இரண்டு எண்களில் இருந்தது. புதிதில் முழுதாகத் திருகினால் நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடிய என்ஜின் இப்போது 4900க்கு மேல் ஏற மறுத்தது. 13 கிலோமீட்டர் வேகத்தில் போன படகு இப்போது பதினொன்றரையில் நின்றது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நானே தவறியிருக்கக்கூடும். வடக்கே ஓடியபோது ஜிபிஎஸ் 12.9 காட்டியது. அதை மட்டும் பார்த்திருந்தால் படகில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருப்பேன். தெற்கே திரும்பியபோது 10.1. இரண்டுக்கும் சராசரி 11.5. தெண்டி வடக்கே தள்ளிய 1.4 கிலோமீட்டர், குறையை அப்படியே மூடி மறைத்துவிட்டது. ஜிபிஎஸ் காட்டுவது தரைக்கு மேலான வேகம். என்ஜின் உழைப்பதோ தண்ணீரோடு. போய்த் திரும்பிச் சராசரி எடுக்காத எந்த அளவையும் ஏற்க வேண்டாம்.

கைப்பிடி எங்கே நின்றது

முழுச்சுற்று குறைந்து வேகமும் குறைந்தால், என்ஜின் சுமைக்கு அடியில் திணறுகிறது என்று பொருள். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருந்தது. முழு வேகத்துக்கு மணிக்கு 3.7 தானே எரிகிறது, அப்படியானால் பாட்டுக்கு நான்கு லிட்டர் எப்படிக் கூடும்?

என்ஜின் பிடிப்பவரிடம் கேட்டேன். அவர் படகுக்காரரின் மைத்துனர், இருபது வருட அனுபவம் உள்ளவர். "முன்பு எவ்வளவு திருகுவீர்கள் மாமா?" என்றேன். கையைக் கைப்பிடியில் வைத்துக் காட்டினார். முழுத் திருகலுக்கு நன்றாகக் கீழே, முக்கால் அளவில் நின்றது. "இப்போது?" கை கடைசிவரை போனது. "இப்போது இப்படித் திருகினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. நான்கு மாதத்தில் மயிரிழை மயிரிழையாகக் கை ஏறியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு நேரம் மாறவில்லை, அதனால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

முக்கால் திருகலுக்கும் முழுத் திருகலுக்கும் இடையில் இருக்கும் பெட்ரோல் வித்தியாசம் பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். புரொப்பெல்லரின் சுற்றை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நான்கு மடங்கு எதிர்ப்பை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். சுற்றைக் குறைக்கும்போதும் இதே கணக்குதான். 5400இலிருந்து 4500க்கு, அதாவது ஆறில் ஒரு பங்கு மட்டும் குறைத்தால், தேவைப்படும் சக்தி நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்துவிடுகிறது. வேகமோ ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைகிறது.

படகின் அடிப்பாகத்தைப் பார்க்க அன்று மாலையே ஆட்களை இறக்கினோம். துறைமுகத்தை ஒட்டிய மணலில் பத்துப் பேர் சேர்ந்து தள்ளிப் படகைச் சாய்த்தார்கள். நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே வெள்ளை பைபர் கண்ணுக்கே தெரியவில்லை. பச்சைப் பாசி ஒரு படலம். அதற்கு மேல் முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை கொட்டலசுச் சிப்பி. சுண்ணாம்பில் செய்த சின்னச் சின்ன எரிமலை வாய்களைப் போல நெருக்கமாக ஒட்டியிருந்தன. பெரியது சுண்டுவிரல் நகம் அளவு. கையால் தடவினால் தோல் கிழியும். நடு முதுகெலும்பின் இரு பக்கமும்தான் மிக அடர்த்தி, வெயில் படாத இடம் அது. என்ஜினின் கீழ்ப்பகுதியும் புரொப்பெல்லரும் சுத்தமாக இருந்தன, ஏனென்றால் கட்டும்போது அவர்கள் என்ஜினைத் தூக்கிவிடுகிறார்கள். படகைத் தூக்க முடியாதே.

மணலில் ஏறி வெயிலில் காயும் படகில் இது வளராது. சுத்தமான படகை இந்த வெதுவெதுப்பான துறைமுகத் தண்ணீரில் சில வாரம் விட்டாலே முதல் பொட்டுகள் தெரிய ஆரம்பித்துவிடும். நான்கு மாதம் விட்டால் இந்த நிலைதான். கரை அரிப்பு வீட்டைத்தான் கொண்டுபோகும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். மணல் போனால் படகு ஏற இடம் போகிறது. இடம் போனால் ஒவ்வொரு பாட்டிலும் பெட்ரோலாக அதற்கு விலை கொடுக்கிறோம். எனக்கு இந்தப் படகைப் பார்த்தபோது மனம் கனத்தது அதனால்தான்.

சுரண்டிய பிறகு

இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பட்டை இரும்பால் சுரண்டினார்கள். வந்த சிப்பி ஒன்றரை வாளி. சிப்பியின் ஓட்டைப் பெயர்த்தாலும் அடியில் வட்டமான வெள்ளைத் தழும்பு பைபரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்தது, ஏனென்றால் அந்தச் சொரசொரப்பு தண்ணீரைப் பிடித்து இழுக்கும். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். பிறகு பாசி பிடிக்காத செம்பு கலந்த வர்ணம் ஒரு பூச்சு. கூலி 1500, வர்ணமும் தாளும் 4000, ஆக 5500 ரூபாய்.

மறுபடி அதே மூன்று கேன், அதே தராசு, அதே வழி. அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கிறது:

| நிலை | சிப்பியோடு | சுரண்டிய பின் |
|---|---|---|
| முழுத் திருகல் | 4900 சுற்று, மணிக்கு 3.7 லி, 11.5 கி.மீ. | 5400 சுற்று, மணிக்கு 3.9 லி, 13.0 கி.மீ. |
| 4500 சுற்று | மணிக்கு 2.9 லி, 10.6 கி.மீ. | மணிக்கு 2.3 லி, 11.0 கி.மீ. |
| 3500 சுற்று | மணிக்கு 1.5 லி, 7.9 கி.மீ. | மணிக்கு 1.2 லி, 8.8 கி.மீ. |

முதல் வரிசையை மட்டும் பார்ப்பவர், சுரண்டிய பிறகு செலவு கூடிவிட்டது என்பார். மணிக்கு 3.7 ஆக இருந்தது 3.9 ஆகியிருக்கிறது, உண்மைதான். பாரம் குறைந்ததும் என்ஜின் தன் இயல்பான சுற்றுக்கு ஏறிவிட்டது, சுற்று ஏறினால் எரிவதும் ஏறும். இதனால்தான் மணிக்கு எத்தனை லிட்டர் என்ற ஒரே எண்ணை வைத்து என்ஜினைக் குற்றம் சொல்வதோ பாராட்டுவதோ கூடாது என்கிறேன். அந்த எண்ணை வேகத்தால் வகுத்து, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

சிப்பி பிடித்த படகை முழுதாகத் திருகி பதினொன்றரையில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 0.32 லிட்டர். சுத்தமான படகை 4500 சுற்றில் பதினொன்றில் ஓட்டினால் 0.21. கரையில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே வேகம்தான். கிலோமீட்டருக்கு நூறு மில்லிக்கு மேல் வித்தியாசம். அண்ணன் தேடிய நான்கு லிட்டர் இங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பாட்டின் செலவு

பாட்டுச் செலவைப் போடும்போது மொத்த மணி நேரத்தை ஒரே எண்ணால் பெருக்குவது தவறு. படகு கடலில் இருப்பது எட்டு மணி நேரம் என்றாலும், வலை விட்டுக் காத்திருக்கும் நேரத்தில் என்ஜின் அணைந்திருக்கும். ஓடும் நேரம், வலை வேலை நேரம், சும்மா உறுமும் நேரம் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

சிப்பியோடு இருந்த நிலையில் கணக்கு இது. 32 கிலோமீட்டரை பதினொன்றரையில் ஓட 2 மணி 47 நிமிடம், மணிக்கு 3.7 வீதம் 10.3 லிட்டர். வலை விடவும் இழுக்கவும் மெல்ல ஊர்ந்தது ஒன்றரை மணி; மணிக்கு ஒரு லிட்டர் வீதம் ஒன்றரை லிட்டர். துறைமுகத்துக்குள்ளும் வலைக்குப் பக்கத்திலும் கியர் போடாமல் உறுமியது அரை மணி, மணிக்கு 0.4 வீதம் 0.2 லிட்டர். கூட்டினால் 12 லிட்டர். நோட்டில் இருந்ததும் 12. அன்று பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 1212 ரூபாய். டேங்க்கின் கொள்ளளவும் 12 லிட்டர்தான். நீரோட்டம் கொஞ்சம் எதிர்த்தால் வாயிலுக்கு முன் நின்றுபோவதைத் தவிர அந்தப் படகுக்கு வேறு வழி இல்லை.

சுரண்டிய பின் 4500 சுற்றில் போனால், அதே 32 கிலோமீட்டருக்கு 2 மணி 55 நிமிடம்; மணிக்கு 2.3 வீதம் 6.7 லிட்டர். வலை வேலைக்கு 1.35, உறுமலுக்கு 0.2. மொத்தம் 8.25 லிட்டர், 833 ரூபாய். எட்டு நிமிடம் தாமதம், 379 ரூபாய் மிச்சம். சுரண்டவும் வர்ணத்துக்கும் ஆன 5500 ரூபாய் பதினைந்தாவது பாட்டில் திரும்பிவிட்டது.

இன்னும் மெல்லப் போனால் என்ன என்று படகுக்காரரின் மகன் கேட்டான். நல்ல கேள்வி. 3500 சுற்றில் கிலோமீட்டருக்கு 0.14 லிட்டர்தான். ஆனால் போக வர இரண்டும் அப்படிப் போனால் பயணம் முக்கால் மணி நேரம் கூடும். விடியற்கால ஏலத்தில் அரை மணி பிந்தினால் இழப்பது பெட்ரோலில் மிச்சமானதைவிட அதிகம். ஆகவே பாதியாகப் பிரித்தோம். நள்ளிரவில் போகும்போது அவசரம் இல்லை, 3500. மீனோடு திரும்பும்போது 4500. போக 2.2 லிட்டர், வர 3.35, வலை வேலையும் உறுமலும் சேர்த்து 7.1 லிட்டர், 717 ரூபாய். அலை உயரமாக இருக்கும் நாளில் 3500 போதாது. அலைமுகத்தில் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. துறைமுக வாயிலைத் தாண்டும்போதும் அப்படித்தான். அங்கெல்லாம் பெட்ரோலைப் பார்க்கக் கூடாது என்று மாமாவிடம் சொல்லிவைத்தேன்; அவர் எனக்கு முன்பே அதை அறிந்தவர்.

கடலில் யாரும் சுற்றுமானியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் சுற்றுமானி மாட்டியிருக்கும்போதே, 3500க்கும் 4500க்கும் கைப்பிடி எங்கே நிற்கிறதோ அங்கே வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டோம், ரப்பர்ப் பிடியில் ஒன்றும், அதை ஒட்டிய அசையாத உலோகத்தில் ஒன்றுமாக. கோடுகள் நேராக நிற்கும் நிலையில் வழக்கமான நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்றால், கை மேலே ஏற வேண்டாம், படகைச் சாய்த்து அடியைப் பார்க்க வேண்டும்.

வேறு என்ஜின் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், முறையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 50க்கு 1 என்று கலக்கும் ஆயிலை, அதாவது லிட்டருக்கு 20 மில்லியை, செலவில் சேர்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடுவது என்றால் தொடங்கவும் நிறுத்தும் முன்பும் எரியும் பெட்ரோலைத் தனியாக அளக்க வேண்டும். நீளத்தண்டு டீசல் என்ஜின் இதே சக்திக்கு ஏறக்குறைய பாதி அளவுதான் எரிக்கும், வரி விலக்கு டீசலும் கிடைக்கும். ஆனால் சிப்பி பிடித்தால் அதற்கும் இதே கதிதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும், மீனுக்கும் விலை இருக்கும். அண்ணன் அந்த நாட்களில் ஒரு பாட்டையும் விட விரும்பவில்லை. பங்கு நோட்டில் லிட்டருக்குப் பக்கத்தில் என்ஜின் ஓடிய மணி என்று இன்னொரு பத்தி போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முழுவதும் ஏழும் ஏழரையுமாக எழுதியிருந்தது. மே மூன்றாம் வாரத்தில் ஓட்டம் அதே மணி, லிட்டர் எட்டரை. மறுநாள் காலை படகு மணலில் சாய்ந்து கிடந்தது. முதுகெலும்பின் ஓரத்தில், வர்ணம் மெலிந்த இடத்தில், கடுகளவு வெள்ளைப் பொட்டுகள் ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தன.